புதிய தொழிலாளர் சட்டச் சுற்றறிக்கை: பட்டியலைப் பிரிவு வாரியாகப் போடுவதா, தேதி வாரியாகவா, நிகழ்வு வாரியாகவா?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அதன்பின் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் எல்லா யூனிட்டுகளுக்கும் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. நான் நிர்வாகம் பார்ப்பது 34 பேர் வேலை செய்யும் ரப்பர் மோல்டிங் யூனிட். கடமை எது, கெடு எது, பொறுப்பு யாருடையது என்று ஒரு பட்டியல் போட்டாக வேண்டியிருந்தது. மூன்று விதமாகப் போட வழி இருந்தது. நாங்கள் எடுத்தது மூன்றாவது. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றுதான்: ஆள் எண்ணிக்கையை வைத்து வெட்டுவது. மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் 20 பேர் இருந்தால் தொழிற்சாலை, நாங்கள் உள்ளே. குறைதீர்ப்புக் குழுவுக்கும் 20 பேர்தான் வரம்பு, அதுவும் உண்டு. குழந்தைகள் காப்பகத்துக்கு 50, வேலை நிபந்தனைகளை எழுதிவைக்கும் நிலையாணைகளுக்கு 300. இரண்டும் எங்களுக்கு இல்லை. வெட்டிய வரிகளை அழித்துவிடாமல், எண்ணிக்கை எவ்வளவு ஆனால் உயிர்பெறும் என்ற குறிப்போடு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவு வாரிப் பட்டியல் என்பது பி.எஃப், இ.எஸ்.ஐ பார்க்கும் கன்சல்டன்ட் அனுப்புவது. சட்டத்தின் பெயர், பிரிவு எண், கடமை, கெடு, பொறுப்பு என்று வரிசையாக இருக்கும். விடுபடல் இருக்காது. ஆய்வுக்கு வருபவர் ஒரு பிரிவைக் கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம். இதில் சிக்கல் கடைசிப் பத்தியில்தான்: எல்லா வரியிலும் பொறுப்பு என்ற இடத்தில் ‘வேலையளிப்பவர்’ என்றே இருக்கும். சட்டப்படி அது சரி. ஆனால் ஓனர் காலையில் மெட்டீரியல் பார்க்கக் கிளம்பிவிட்டால், அந்த வரியைத் தூக்கிச் செய்ய யூனிட்டில் யாரும் இல்லை. கன்சல்டன்ட் பெயரைப் பொறுப்பில் போடுவதும் உதவாது. நாம் சொன்னால்தான் அவருக்கே தெரியும்.

தேதி வாரிப் பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாதச் சம்பளம் 7-ஆம் தேதி முடிவதற்குள், பி.எஃப், இ.எஸ்.ஐ 15-ஆம் தேதிக்குள். சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டாலே போதும். நியமனக் கடிதம் இல்லாத பழைய ஆட்களுக்குச் சட்டம் நடப்புக்கு வந்து மூன்று மாதத்துக்குள் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது போன்ற ஒருமுறைக் கெடுவுக்கும் இது பொருந்தும். நாங்கள் அதற்கு 2026 பிப்ரவரி 20 என்று எழுதிவைத்தோம். தேதி தெரிந்த கடமைகளுக்கு இதைவிடச் சுலபமான முறை கிடையாது. ஆனால் புதிய சட்டத்தில் நம்மை மாட்டிவிடுகிற கடமைகள் பலவற்றுக்குக் காலண்டரில் தேதியே இல்லை. ஒருவர் வேலையை விட்டு நின்றால், ஒருவர் புகார் கொடுத்தால், புதிதாக ஒருவர் சேர்ந்தால் அன்றைக்குத்தான் கெடு ஓட ஆரம்பிக்கும்.

அதனால்தான் நிகழ்வு வாரிப் பட்டியல். இதில் வரி ‘என்ன நடந்தால்’ என்பதில் ஆரம்பிக்கிறது. அடுத்த கட்டம் ‘யாருக்கு முதலில் தெரியும்’. அதற்கு அடுத்துதான் என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள், யார் செய்வது, அவர் இல்லாவிட்டால் யார் என்பதெல்லாம். முதலில் தெரிகிறவரும் செய்து முடிக்கிறவரும் சின்ன யூனிட்டில் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். கெடு தவறுவது இந்த இருவருக்கும் நடுவில்தான்.

ஒரு வரியை மட்டும் முழுதாகப் பார்ப்போம். ஊதியங்கள் சட்டத் தொகுப்பு 2019-இன் 17-ஆம் பிரிவு, வேலையிலிருந்து நீக்கப்பட்டாலோ, ஆட்குறைப்பு ஆனாலோ, தானாக ராஜினாமா செய்தாலோ, நிறுவனம் மூடியதால் வேலை போனாலோ, சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் இந்த அவசரம் முதலாளி நிறுத்தினால் மட்டும்தான். தானாக நின்றவருக்கு அடுத்த மாதச் சம்பளத்தோடு போடுவதே எல்லோருக்கும் பழக்கம். சுற்றறிக்கையில் இது ஒரே ஒரு வரி. எங்கள் மாதிரி இடத்தில் அதிகம் நடப்பதும் இதுதான்.

நடப்பு எப்படி இருக்கும் என்றால், பிரஸ் ஆபரேட்டர் ஒருவர் வியாழக்கிழமை ஷிப்ட் மாறும்போது சூப்பர்வைசரிடம் வந்து, “ஓசூர்ல வேலை கிடைச்சிருச்சுண்ணே, சனிக்கிழமையோட நின்னுக்கிறேன்” என்பார். சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டு அடுத்த ஷிப்டுக்கு ஆள் தேடப் போய்விடுவார். அக்கவுண்ட்ஸ் பார்ப்பவருக்கு அது தெரியவருவது மாதக் கடைசியில் வருகைப்பதிவேட்டைக் கூட்டும்போது. ஞாயிறு வாராந்திர விடுமுறை என்றால் இரண்டு வேலை நாள் செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிட்டது.

அதனால் எங்கள் பட்டியலில் அந்த வரி இப்படி இருக்கிறது:

நிகழ்வு: தொழிலாளி வேலையை விட்டு நிற்கிறார்
முதலில் தெரிவது: ஷிப்ட் சூப்பர்வைசர்
அன்றே செய்வது: எழுத்தில் வாங்கி, கடைசி வேலை நாளைக் குறித்து, அக்கவுண்ட்ஸில் கையெழுத்துப் பெற்றுக் கொடுப்பது
கெடு: கடைசி வேலை நாளிலிருந்து இரண்டு வேலை நாள்
செய்பவர்: அக்கவுண்டன்ட், அவர் லீவு என்றால் நிர்வாகி
சான்று: வங்கிப் பரிமாற்றத் தாள், கணக்குச் சீட்டின் நகல்
பிரிவு: ஊதியங்கள் 17

கணக்கும் வியாழக்கிழமையே ஆரம்பித்தால்தான் முடியும். தினக்கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதம் அவர் வேலை செய்த 12 நாளுக்கு 7,200. ஓ.டி ஆறு மணி நேரம். மணிக்கு 75 ரூபாய், இரட்டிப்பு விகிதத்தில் 150, ஆக 900. கணக்கில் எடுக்காமல் நிற்கும் விடுப்பு 4 நாளுக்கு 2,400. மொத்தம் 10,500. அட்வான்ஸ் 2,000 கழித்தால் 8,500, அதில் பி.எஃப், இ.எஸ்.ஐ பிடித்தம் போக மீதி. கூட்டல் பத்து நிமிட வேலை. நேரம் பிடிப்பது ஓ.டி சீட்டையும் அட்வான்ஸ் சீட்டையும் தேடுவதில். சூப்பர்வைசரின் சட்டைப் பையிலும் மேசை டிராயரிலும் கிடக்கும் சீட்டுகள் அக்கவுண்ட்ஸுக்கு வராமல் இந்தக் கணக்கை மூட முடியாது. ஆகவே வாராவாரம் சனிக்கிழமை அந்தச் சீட்டுகளை ஒப்படைப்பதையும் சூப்பர்வைசர் பொறுப்பில் தனி வரியாக்கினோம். சட்டத்தில் அப்படி ஒரு கடமை கிடையாது. அது இல்லாமல் சட்டத்தில் உள்ள கடமை நிறைவேறாது.

இங்கே இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். ‘செட்டில்மென்ட்’ என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டால், எது மெதுவாக நகருமோ அதற்காக மற்றதும் காத்திருக்கும். பணிக்கொடை இந்த ஊதியத்தில் சேராது; அதற்குக் கெடு 30 நாள். பி.எஃப் தளத்தில் விலகிய தேதியை ஏற்றுவது மூன்றாவது வேலை. பணிக்கொடைக்கு எத்தனை வருடம் என்று கோப்பு தேடிக்கொண்டிருக்கும்போது சம்பளத்தின் இரண்டு நாள் ஓடிவிடும். யூனிபார்ம், டூல் திரும்பி வரட்டும் என்று நிறுத்திவைத்தாலும் இதே கதைதான். மூன்றும் மூன்று வரி. மூன்றுக்கும் தனித்தனிக் கெடு, தனித்தனிச் சான்று.

நாங்கள் முடிவெடுக்கக் காரணமாக இருந்தது பராமரிப்பு. பட்டியல் போடுவது ஒருமுறை வேலை. அதை உயிரோடு வைத்திருப்பதுதான் வருடம் முழுக்க. பிரிவு வாரிப் பட்டியலில் மாற்றம் வந்தால் கன்சல்டன்ட் புதிய தாள் அனுப்புவார். நாம் பழைய தாளில் எழுதிவைத்த ஆள், சான்று எல்லாம் அதில் இருக்காது. திரும்ப எழுத வேண்டும். தேதி வாரிப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாகப் பிறக்க வேண்டும். நிகழ்வு வாரிப் பட்டியலில் நிகழ்வு மாறுவதில்லை. ஆள் நிற்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. மாறியது கெடு என்ற ஒரு கட்டம் மட்டும். அதை அடித்து எழுதி, பக்கத்தில் சுற்றறிக்கையின் தேதியைப் போட்டால் வேலை முடிந்தது. சூப்பர்வைசர் மாறினாலும் அவர் பெயர் வரும் வரிகளை மட்டும் ஒரு தாளில் எடுத்து, புதியவரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கலாம். எக்செல்லில் பொறுப்புப் பத்தியை வடிகட்டினால் அந்தத் தாள் தானே வந்துவிடும்.

இதே பராமரிப்பில் பிரிவு வாரி முறைக்கு ஒரு பலம் இருப்பதையும் சொல்ல வேண்டும். திருத்தங்கள் பிரிவு எண்ணைச் சொல்லித்தான் வரும். நிகழ்வு வாரிப் பட்டியலில் பிரிவு எண்ணுக்கு ஒரு பத்தி இல்லாவிட்டால், திருத்தம் எந்த வரியைத் தொடுகிறது என்று தேடியே களைத்துப்போவீர்கள். எங்கள் வரியின் கடைசியில் பிரிவு எண் இருப்பது அதற்காகத்தான்.

எந்த முறையானாலும் ‘நிலை’ என்று ஒரு பத்தி சேருங்கள். சில கடமைகள் சட்டத்திலேயே முழுதாக இருக்கின்றன. இரண்டு வேலை நாள் அப்படிப்பட்டது. சில கடமைகளில் விவரத்தை அரசு விதிகளுக்கு விட்டிருக்கிறார்கள். இலவச வருடாந்திர மருத்துவப் பரிசோதனை யாருக்கு, எந்தெந்தச் சோதனை என்பது விதியில் வருவது. இரண்டையும் கலந்து ஒரே மாதிரி எழுதினால், விதிக்குக் காத்திருக்கிறோம் என்ற சாக்கில் இன்றே செய்ய வேண்டியதும் தூங்கிவிடும். புதிய விதி வராத இடத்தில், சட்டத்தோடு முரண்படாத அளவுக்குப் பழைய விதிகளே தொடரும். ஆகவே பழைய பதிவேடுகளை நிறுத்திவிட வேண்டாம்.

பட்டியல் வேலை செய்கிறதா என்று பார்க்க, கடைசியாக நின்ற ஒருவரின் கோப்பை எடுங்கள். சொன்ன தேதி, கடைசி வேலை நாள், பணம் போன தேதி என மூன்று தேதி அதில் இருக்க வேண்டும். முதல் தேதியே இல்லையென்றால் கோளாறு சூப்பர்வைசர் பக்கம். மூன்றாவது தேதி இழுத்திருந்தால் கோளாறு சீட்டுகளில். எங்களிடம் இப்படிச் சோதித்துப் பார்த்த கோப்புகள் சிலவே. அவற்றில் தாமதம் எல்லாம் தகவல் வந்து சேருவதில் இருந்தது, கணக்கில் இல்லை. புகார் வந்தால் குறைதீர்ப்புக் குழு 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்ற வரியும் போட்டிருக்கிறோம். எழுத்துப்பூர்வமாக ஒரு புகாரும் இதுவரை வராததால் அந்த வரி எப்படி ஓடும் என்று அனுபவமாகச் சொல்வதற்கில்லை. எங்களிடம் ஒப்பந்தத் தொழிலாளரும் இல்லை, பெண்களுக்கு இரவு ஷிப்டும் இல்லை. இவை இரண்டும் உள்ள யூனிட்டுகள், அந்தப் பகுதிகளுக்குக் கன்சல்டன்ட்டின் பிரிவு வாரித் தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.