வளைந்த புருவமா, நேர் புருவமா?

முகம் மென்மையாகத் தெரிய வேண்டுமென்றால் புருவத்தின் கீழ் ஓர முடியை மட்டும் எடுங்கள், அப்போதுதான் கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவே இடம் கூடி வளைவு மேலே ஏறித் தெரியும். கருவிழியின் வெளி ஓரத்துக்கு நேர் மேலே, அல்லது இன்னும் கொஞ்சம் தள்ளி உச்சி வரட்டும்.

கூர்மையான, ஆண்மைத் தோற்றம் வேண்டுமா? கீழ்ப்பக்கத்தைத் தொடவே வேண்டாம். வளைவின் அடியில் பென்சிலால் முடி போலச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு நேராக்குங்கள். ஒரேயடியாக அப்பினால் வரைந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

பென்சிலைக் கழுவிவிடலாம், பிடுங்கிய முடி திரும்ப வர மாதக்கணக்கில்கூட ஆகலாம், பல வருடம் பிடுங்கிய இடத்தில் வராமலே போகலாம். அதனால் வளைவுதான் வேண்டுமென்றாலும், எடுக்கப்போகும் முடியை முதலில் கன்சீலரால் மறைத்து இரண்டு நாள் பாருங்கள், அப்புறம் ட்வீசரைத் தொடலாம்.