கணக்கு மாறி விழுந்த பதிவு: உடனே அழிப்பதா, முதலில் மறைப்பதா?

கடைக்கான பதிவு சொந்த ஃபேஸ்புக் கணக்கில் போய்விட்டால் பெரும்பாலோர் உடனே அழித்துவிடுகிறார்கள். நான் முதலில் மறைக்கத்தான் சொல்வேன். பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, யார் பார்க்கலாம் என்பதை Only me என்று மாற்றினால் போதும். உறவினர் ஒருவரின் துணிக்கடைக்கு அப்படித்தான் செய்தோம்.

வேகம் இரண்டிலும் ஒன்றுதான். பதிவை யாராவது பகிர்ந்திருந்தால் அங்கேயும் அது தெரியாமல் போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டவர்களை எந்த வழியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பதிவுக்குக் கீழே இருந்த கமெண்டுகள். கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் கணக்கில் தள்ளுபடிச் சேலைகளின் படங்கள் விலையோடு போயிருந்தன. கவனிப்பதற்குள் "நீலக் கலர் இருக்கா அக்கா?", "கூரியர் உண்டா?" என்று கேள்விகள் வந்துவிட்டன. ஒருவர் தன் போன் நம்பரையே போட்டிருந்தார். அழித்திருந்தால் இவர்கள் யார், என்ன கேட்டார்கள் என்பதும் பதிவோடு கண்ணை விட்டுப் போயிருக்கும். மறைத்ததால் அந்த நம்பர் ஊர்க் கண்ணில் படுவது நின்றது, நாங்கள் மட்டும் நிதானமாகப் படிக்க முடிந்தது. அதே படங்களைக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டு, கேட்டவர்களுக்குத் தனித்தனியாக மெசேஜில் அந்த லிங்கை அனுப்பினோம். அப்புறம்தான் Move to trash.

அழிப்பதற்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. குப்பையில் 30 நாள் வரை கிடக்கும், வேண்டுமென்றால் மீட்கலாம். ஆனால் மீட்டுப் பார்த்து மறுபடி அழிப்பது வீண் வேலை.

மறைக்கும்போது ஏமாறக்கூடிய இடம் டேக். பதிவில் யாரையாவது டேக் செய்திருந்தால், Only me போட்டாலும் அவர்களுக்குப் பதிவு தெரியும். டேக்கை முதலில் எடுத்துவிட வேண்டும். இன்ஸ்டாகிராமுக்கும் சேர்த்துப் போகும்படி வைத்திருந்தால், அங்கே போனது தனிப் பதிவு. ஃபேஸ்புக்கில் மறைத்தாலும் அழித்தாலும் அது அப்படியே நிற்கும். அங்கே போய் Archive கொடுத்தால் கமெண்டுகளோடு பத்திரமாக ஒதுங்கிவிடும்.

வாடிக்கையாளரின் முகவரியோ பில்லோ படத்தில் தெரிந்தால் நானும் யோசிக்காமல் அழித்துவிடுவேன், கமெண்டுகள் போனால் போகட்டும். எக்ஸ் தளத்தில் ஒரு பதிவை மட்டும் மறைக்க வழியில்லை என்பதால் அங்கேயும் அழிப்பதுதான். ரீபோஸ்ட்டுகள் அதோடு போய்விடும், மேற்கோள் காட்டி எழுதியவர்களின் வரிகள் மட்டும் நிற்கும்.

விளக்கப் பதிவு போடலாமா என்பதில் என் அனுபவம் குறைவு. எங்கள் விஷயத்தில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் போடவில்லை. விலை தவறாகப் போய், பலர் பகிர்ந்தும் இருந்தால், கடையின் பக்கத்தில் சரியான விலையை இரண்டு வரியில் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.