‘தேறியது’ என்ற சீட்டு

விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் தங்கையின் எட்டு மாதக் குழந்தையைத் தூக்கினேன். முகம் பார்த்துச் சிரித்தான். முதுகுப்பக்கம் நின்று கூப்பிட்டபோது திரும்பவே இல்லை. மூன்று மாதத்தில் ‘ஆ, ஊ’ என்று குரல் கொடுத்தவன் இப்போது அடங்கிவிட்டானாம். காது கேளாத குழந்தையும் தொடக்கத்தில் குரல் கொடுக்கும். ‘பபப, மமம’ என்று அசைகளை அடுக்கும் கட்டத்தில்தான் பின்தங்கும்.

“பிறந்தபோதே காதைச் சோதித்தார்கள் அண்ணா, தேறிவிட்டான்” என்று சீட்டை நீட்டினாள் தங்கை. அது ஓ.ஏ.இ. சோதனை. காதில் சிறு முனையை வைத்து ஒலி அனுப்பினால் உட்செவியின் மயிர்ச் செல்கள் மெல்லிய எதிரொலி தரும். எதிரொலி வந்தால் அந்தச் செல்கள் வேலை செய்கின்றன என்று பொருள். நரம்பு வழியே ஒலி மூளைக்குப் போகிறதா என்பதை அது சொல்லாது. இவனோ கடும் மஞ்சள் காமாலையோடு ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவன். காமாலையில் ரத்தத்தில் சேரும் பித்த நிறமி செவி நரம்புப் பாதையைத் தாக்கக்கூடியது. இப்படிப்பட்ட குழந்தைக்கு நரம்பின் பதிலை அளக்கும் பெரா சோதனையும் செய்திருக்க வேண்டும். அதைப் பிறந்த மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

மறுவாரம் செவித்திறன் மையத்துக்குப் போனோம். குழந்தையைத் தூங்கவிடாமல், பசியோடு அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே பால் கொடுத்ததும் தூங்கிவிட்டான். நெற்றியிலும் காதுகளின் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி ‘டிக் டிக்’ ஒலி கொடுத்தார்கள். உரத்த ஒலி கொடுத்தும் திரையில் அலை எழவில்லை. ஓ.ஏ.இ. எதிரொலி மட்டும் அப்படியே இருந்தது. செல் கேட்கிறது, நரம்பு ஒழுங்காகக் கடத்தவில்லை என்றார் நிபுணர்.

காமாலைதான் காரணமா என்று கேட்டேன். மயிர்ச் செல்லிலிருந்து நரம்புக்குச் செய்தி போக உதவும் ஓட்டோஃபெர்லின் மரபணுவில் பிழை இருந்தாலும் இதே தோற்றம் வரும் என்பதால் ரத்தம் எடுத்தார்கள். பெற்றோர் இருவருக்கும் காது நன்றாகக் கேட்டாலும் அவர்கள் வழியே அந்தப் பிழை வரலாம். கர்ப்பத்தில் தொற்றும் சைட்டோமெகலோ வைரஸும் செவித்திறன் குறைவுக்கு ஒரு பெரிய காரணம். ஆனால் அது பிறவித் தொற்றுதானா என்று உறுதிசெய்ய, பிறந்த மூன்று வாரத்துக்குள் சிறுநீரோ உமிழ்நீரோ எடுத்திருக்க வேண்டும்.

இந்தக் கோளாறில் எவ்வளவு கேட்கிறது என்பதை பெரா காட்டாது. அதனால் ஒலி வரும் பக்கம் திரும்பினால் பொம்மை ஒளிரும் அறையில் அவனை உட்கார வைத்துப் பார்த்தார்கள். 60 டெசிபலில் திரும்பினான்! ஒலியைப் பெருக்கும் காதுக் கருவி பொருத்தினார்கள். அதிலும் பேச்சு வளராவிட்டால் உட்செவிக்குள் மின்முனைகளைப் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுப்பார்களாம்.

கருவி போட்ட நாளிலிருந்து ‘கேட்கும் வயது’ எண்ணப்படுகிறது. பேச்சு வளர்ச்சியை அந்த வயதோடும் பிறந்த வயதோடும் ஒப்பிடுகிறார்கள். தினமும் காலையில் தங்கை வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லி, எதற்குத் திரும்பினான் என்று நோட்டில் குறிக்கிறாள். நான் கிளம்பிய நாள்வரை ‘ஸ்’ஸுக்கு நேரே இருந்த கட்டம் மட்டும் காலியாக இருந்தது.