"சும்மா செக் பண்றேண்ணே" என்று ஒன்பது இடத்தில் என் பெயரில் கடன் கேட்ட ஏஜென்ட்

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம், லோன் வாங்கித் தரும் ஏஜென்ட் ஒருவரிடம் நான் ஏமாந்த கதை இது. அவர் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி ஆட்கள் புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளைவிட, அவர்கள் வேலை செய்யும் விதம்தான் நமக்குத் தெரிய வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் மாடித் தளத்தைச் சரிசெய்ய 5 லட்சம் தேவைப்பட்டது. என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் கேட்கலாம் என்று இருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் இந்த ஏஜென்டிடம் அனுப்பினார். நான் முதலில் கேட்டதே சிபில் ஸ்கோரைப் பற்றித்தான். "ஸ்கோர்லாம் ஒண்ணும் குறையாதுண்ணே, இது சாஃப்ட் செக். எவ்ளோ கிடைக்கும்னு சும்மா பார்த்துச் சொல்றேன்" என்றார். பான், ஆதார், மூன்று மாதச் சம்பளச் சீட்டு கொடுத்தேன். போனில் வந்த ஓ.டி.பி.களையும் அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன்.

சாயங்காலம் எஸ்.எம்.எஸ். வரிசையாக வந்தது. இன்ன நிதி நிறுவனம் உங்கள் கடன் அறிக்கையைப் பார்த்திருக்கிறது என்று ஒவ்வொன்றும். கடன் கொடுக்கும் நிறுவனம் நம் அறிக்கையை எடுத்தால் நமக்குத் தகவல் வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் போட்ட உத்தரவின் பலன் இது. இல்லையென்றால் எனக்குத் தெரிந்தே இருக்காது. மறுநாள் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், யார் யார் கடனுக்காக நம் அறிக்கையை எடுத்தார்கள் என்று காட்டும் என்கொயரி பகுதியில் புதிதாக ஒன்பது வரி. எல்லாம் பர்சனல் லோன், எல்லாம் 5 லட்சம், எல்லாம் ஒரே தேதி. அதாவது ஒரே நாளில் 45 லட்சம் கடன் கேட்டவனாக நான் நிற்கிறேன்.

இங்கேதான் சாஃப்ட், ஹார்டு வித்தியாசம் வருகிறது. நம் ஸ்கோரை நாமே பார்ப்பது, ஏற்கெனவே கணக்கு இருக்கும் வங்கி தானாகவே நம் அறிக்கையைப் பார்த்து "உங்களுக்கு இவ்வளவு கடன் தரத் தயார்" என்று சொல்வது, இதெல்லாம் சாஃப்ட். இவற்றை மற்ற வங்கிகள் பார்க்க முடியாது, ஸ்கோரும் அசையாது. கடன் விண்ணப்பம் என்று ஒன்று பதிவாகி, அதை முடிவு செய்ய நிறுவனம் அறிக்கையை எடுத்தால் அது ஹார்டு. நிறுவனத்தின் பெயர், தேதி, என்ன கடன், எவ்வளவு தொகை என்று எழுதப்பட்டு, அடுத்து பார்க்கிற எல்லாக் கடன் நிறுவனங்களுக்கும் தெரியும். "செக்" என்று வாயால் சொன்னதால் அது சாஃப்ட் ஆகிவிடாது. உள்ளே எந்தப் படிவம் போயிருக்கிறது என்பதுதான் கணக்கு. ஸ்கோரை இலவசமாகக் காட்டும் செயலிகளிலும் இதே கதைதான். ஸ்கோர் பார்ப்பது சாஃப்ட். அதன் பக்கத்திலேயே பளபளக்கும் "இப்போதே விண்ணப்பிக்க" பொத்தானை அழுத்தினால் ஹார்டு ஆகலாம்.

ஏஜென்டுக்கு இதில் என்ன லாபம்? கடன் பணம் நம் கையில் வந்தால்தான் அவருக்குக் கமிஷன், அதுவும் கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து. ஒன்பது இடத்தில் வீசினால் ஏதாவது ஒன்று மாட்டும். மற்ற எட்டு என்கொயரியும் நம் தலையில். அவருக்கு நயாபைசா செலவில்லை.

அப்புறம் என் வங்கிக்கே போனேன். மேலாளர் நல்ல மனிதர், திரையைத் திருப்பியே காட்டினார். 752 இருந்த ஸ்கோர் 721 ஆகியிருந்தது. "ஸ்கோர் இறங்கினதுகூடப் பெரிசில்ல சார், இந்த லிஸ்ட்தான் பிரச்சினை" என்றார். ஒரு என்கொயரிக்கு ஸ்கோர் பொதுவாகச் சில புள்ளிகள்தான் இறங்கும், தவணை ஒழுங்காகக் கட்டினால் ஏறியும் விடும். ஆனால் பட்டியலைக் கடன் கொடுப்பவர் இரண்டு விதமாகப் படிக்கிறார்.

ஒன்று, என்கொயரி இருக்கிறது, அதற்குப் பிறகு புதுக் கடன் கணக்கு எதுவும் இல்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்று அறிக்கையில் இருக்காது. அதனால் ஒன்பது பேரும் மறுத்துவிட்டார்கள் போல என்று நினைக்கத் தோன்றும். இன்னொன்றுதான் அவர்களை அதிகம் பயமுறுத்துவது: ஒன்பதில் மூன்று பேர் நேற்றே கடன் கொடுத்திருந்தால்? புதுக் கடன் அறிக்கையில் ஏற நாள் பிடிக்கும். நிறுவனங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்ப வேண்டும் என்பதே 2025 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முன் மாதத்துக்கு ஒருமுறை. அந்த இடைவெளியில் என் மாதத் தவணைச் சுமை உண்மையில் எவ்வளவு என்று எந்த வங்கிக்கும் தெரியாது. ஒரே தெருவில் வீடு வீடாகக் கைமாற்று கேட்டுக்கொண்டு வருபவனுக்குக் கடைசி வீட்டுக்காரர் கதவைத் திறக்க யோசிப்பார் அல்லவா, அதே யோசனைதான்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், வீட்டுக் கடனுக்கும் கார் கடனுக்கும் குறிப்பிட்ட நாட்களுக்குள் பல இடத்தில் கேட்டால் ஃபிகோ ஸ்கோரில் ஒரே என்கொயரியாகக் கணக்கிடுவார்கள் என்றார். உண்மைதான், ஆனால் அது அந்த ஊர் ஸ்கோர். பர்சனல் லோனுக்கு ஃபிகோவிலும் அந்தச் சலுகை இல்லை. இங்கே வங்கி மேலாளர் பார்க்கும் அறிக்கையில் ஒவ்வொன்றும் தனி வரியாகத்தான் நிற்கிறது.

எனக்கு ஆன நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வங்கி முதலில் சொன்ன வட்டி 11 சதவீதம். 5 லட்சத்துக்கு மூன்று வருடம் என்றால் தவணை சுமார் 16,370 ரூபாய். இந்தப் பட்டியலுக்குப் பிறகு 14 சதவீதத்துக்குத்தான் தர முடியும் என்றார்கள். தவணை சுமார் 17,090. மாதம் 720 ரூபாய் என்றால் சின்னதாகத் தெரியும், 36 மாதத்துக்குக் கிட்டத்தட்ட 26,000 ரூபாய். கொத்தனார் கூலியில் பாதி. நான் அந்தக் கடனை வாங்கவில்லை, தார்ப்பாய் போட்டு மழையைத் தள்ளிவிட்டு ஸ்கோர் ஏறட்டும் என்று இருக்கிறேன்.

ஏஜென்டிடம் கேட்டபோது, "நீங்கதான ஓ.டி.பி. கொடுத்தீங்க" என்றார். சில ஓ.டி.பி. செய்திகளைத் திரும்பப் படித்தேன். அறிக்கையைப் பார்க்கச் சம்மதம் என்று அதிலேயே இருந்தது. அவசரத்தில் எண்ணை மட்டும் படித்துச் சொல்ல வைப்பதுதான் இவர்கள் தந்திரம். ஓ.டி.பி. கேட்டால் செய்தி முழுவதையும் படியுங்கள், எந்த நிறுவனம் என்று பாருங்கள். பெயர் தெரியாத நிறுவனமாக இருந்தால் சொல்லாதீர்கள்.

சரி, போட்டுவிட்டார்கள், இனி? சரியாக நடந்த ஹார்டு என்கொயரியை அழிக்க வழியில்லை. அழித்துத் தருகிறேன் என்று காசு கேட்பவர் அடுத்த மோசடி. சம்மதமே இல்லாமல் போட்டதை மட்டும் மறுக்கலாம். சிபில் இணையதளத்திலேயே புகார் பதியலாம், ஆனால் அவர்கள் தாங்களாக நீக்க மாட்டார்கள், நிறுவனத்திடம் கேட்டுத்தான் நீக்குவார்கள். அதனால் நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டு, என் சம்மதத்தின் பதிவைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். 30 நாளுக்குள் தீர்க்கவில்லை என்றால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் அதே 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இன்னொரு உத்தரவு போட்டிருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் cms.rbi.org.in என்ற தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். சிபில் போலவே கடன் அறிக்கை தரும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நிறுவனங்களின் அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை இலவசம். சில நிறுவனங்கள் சிபிலைப் பார்க்காமல் இவற்றைத்தான் பார்த்திருக்கும்.

என் ஒன்பதில், ஓ.டி.பி.யே வராமல் போட்டிருந்த மூன்றுக்குப் புகார் கொடுத்தேன். இரண்டு நிறுவனங்கள் சம்மதப் பதிவைக் காட்ட முடியாமல் நீக்கிவிட்டன. மூன்றாவது, என் பெயரில் கையெழுத்திட்ட ஒரு படிவத்தை அனுப்பியிருக்கிறது; அதில் இருக்கும் கையெழுத்து என்னுடையது இல்லை. அதை வைத்து ஒம்புட்ஸ்மேனுக்குப் போட்ட புகார் நிலுவையில் இருக்கிறது.