செக்யூரிட்டி குரூப், நெட்வொர்க் ஏசிஎல்: சில வருடம் இரண்டோடும் மல்லுக்கட்டிய பிறகு

ஏடபிள்யூஎஸ்ஸில் விபிசி கட்டுகிற யாரும் முதல் வாரத்திலேயே இந்த வரியைப் படித்திருப்பார்கள்: செக்யூரிட்டி குரூப் ஸ்டேட்ஃபுல், நெட்வொர்க் ஏசிஎல் ஸ்டேட்லெஸ். நேர்முகத் தேர்வில் சொல்லி மார்க் வாங்க இது போதும். ஆனால் இந்த ஒரு வித்தியாசம் புரொடக்‌ஷனில் எப்படியெல்லாம் வந்து நிற்கும் என்பது பல வருடம் கூடவே இருந்தால்தான் தெரிகிறது. என் அனுபவத்தை எழுதுகிறேன், ஒப்பீட்டு அட்டவணை எல்லாம் போடப்போவதில்லை.

அடிப்படையை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். செக்யூரிட்டி குரூப் சர்வரின் நெட்வொர்க் இன்டர்ஃபேஸில் ஒட்டியிருக்கும், அனுமதி மட்டும்தான் எழுத முடியும், ஒரு இணைப்பை ஒருமுறை அனுமதித்தால் அதை நினைவில் வைத்துக்கொண்டு பதில் பாக்கெட்டைத் தானே விட்டுவிடும். ஏசிஎல் சப்நெட்டின் எல்லையில் நிற்கும், அனுமதியும் எழுதலாம் மறுப்பும் எழுதலாம், விதி எண் சிறியதிலிருந்து பார்த்துக்கொண்டு வந்து முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். அதற்கு நினைவு கிடையாது. பதில் பாக்கெட்டும் அதன் கண்ணுக்குப் புதிதாக வருகிற ஒரு பாக்கெட்தான்.

இந்த நினைவில்லாத்தனம் என்ன செய்யும் என்பதற்கு நான் பார்த்த ஒரு கேஸை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வடிவத்தில் இதை வேறு இடங்களிலும் பார்த்துவிட்டேன். பிரைவேட் சப்நெட்டில் லினக்ஸ் சர்வர்கள். அவை பப்ளிக் சப்நெட்டில் இருக்கிற நேட் கேட்வே வழியாக வெளியே ஒரு பேமென்ட் ஏபிஐயை 443இல் கூப்பிடுகின்றன. ஆடிட் செக்லிஸ்ட்டுக்காக யாரோ டிஃபால்ட் ஏசிஎல்லை எடுத்துவிட்டு இரண்டு சப்நெட்டுக்கும் தனித்தனி ஏசிஎல் எழுதியிருந்தார்கள். பப்ளிக் சப்நெட்டின் உள்வரும் விதிகள் இப்படி:

```
100  TCP  443          0.0.0.0/0  ALLOW
110  TCP  22           (office)   ALLOW
120  TCP  32768-60999  0.0.0.0/0  ALLOW
*    ALL  ALL          0.0.0.0/0  DENY
```

பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது. 120ஆம் விதி பதில் பாக்கெட்டுக்காக. லினக்ஸ் வெளியே போகும்போது எடுக்கிற தற்காலிக போர்ட் அந்த வரம்பில்தான் இருக்கும், `sysctl net.ipv4.ip_local_port_range` அடித்தால் அதே இரண்டு எண்கள்தான் வரும். எழுதியவர் விஷயம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

புகார் என்னவென்றால், ஏபிஐ கால்கள் சில நேரம் கனெக்ட் டைம்அவுட் ஆகின்றன. எல்லாம் இல்லை, சில. கூட்டம் இல்லாத நேரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, மாலையில் டிராஃபிக் ஏறினால் வரிசையாக வரும். பப்ளிக் சப்நெட்டில் இருக்கிற பாஸ்டியன் சர்வரில் இருந்து அதே முகவரிக்கு curl அடித்தால் ஒவ்வொரு முறையும் போகிறது. உடனே எல்லோரும் நேட் கேட்வேயைத்தான் குற்றவாளி ஆக்கினார்கள். செக்யூரிட்டி குரூப்பை இரண்டு பேர் திறந்து பார்த்து "அவுட்பவுண்ட் எல்லாம் ஓப்பன், அதில் பிரச்சினை இல்லை" என்று மூடிவிட்டார்கள். அதுவும் உண்மைதான்.

ஒரு பாக்கெட்டின் கூடவே நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். சர்வர் 10.20.11.37, போர்ட் 41822இல் இருந்து வெளியே 203.0.113.25:443க்குக் கிளம்புகிறது. பிரைவேட் சப்நெட்டை விட்டு வெளியேறும்போது அதன் ஏசிஎல் பார்க்கிறது, பப்ளிக் சப்நெட்டுக்குள் நுழையும்போது இன்னொரு ஏசிஎல். நேட் கேட்வே அதன் முகவரியை 10.20.0.14 என்றும், கவனியுங்கள், போர்ட்டை 14872 என்றும் மாற்றிவிட்டு வெளியே அனுப்புகிறது, மறுபடி பப்ளிக் ஏசிஎல். பதில் வரும்போது அதன் சேருமிடப் போர்ட் 41822 இல்லை, 14872. பப்ளிக் ஏசிஎல்லில் 14872ஐ அனுமதிக்கிற விதி எதுவும் இல்லை, கடைசி நட்சத்திர விதியில் போய் விழுகிறது. நேட் கேட்வே பயன்படுத்துகிற வரம்பு 1024-65535. லினக்ஸ் வரம்பை மட்டும் திறந்து வைத்தால் அதில் பாதிக்கு மேல் வெளியே நிற்கிறது.

பாஸ்டியன் ஏன் எப்போதும் வேலை செய்தது? அதற்குச் சொந்தமாகப் பப்ளிக் ஐபி இருக்கிறது. இன்டர்நெட் கேட்வே முகவரியை மட்டும்தான் மாற்றும், போர்ட்டைத் தொடாது. அதனால் அது எப்போதும் 32768க்கு மேல்தான். மற்ற நேரத்தில் ஏன் கண்ணில் படவில்லை? அப்ளிகேஷன் கீப்-அலைவ் போட்டு இணைப்புகளைப் பத்திரமாக வைத்திருந்தது. எப்படியோ நல்ல போர்ட் கிடைத்து உள்ளே வந்த இணைப்புகள் திரும்பத் திரும்பப் பயன்பட்டுக்கொண்டிருந்தன, வராதவற்றை ரீட்ரை மூடி மறைத்துவிட்டது. டிராஃபிக் ஏறி புது இணைப்பு திறக்க வேண்டி வரும்போதுதான் குட்டு வெளிப்பட்டது.

கண்டுபிடித்தது ஃப்ளோ லாகில், நேட் கேட்வேயின் இன்டர்ஃபேஸில்:

```
2 123456789012 eni-0a1b2c3d4e5f67890 203.0.113.25 10.20.0.14 443 14872 6 5 300 1717000000 1717000058 REJECT OK
```

மூலப் போர்ட் 443, சேருமிடப் போர்ட் 14872, முடிவு REJECT. சோர்ஸ் போர்ட் 443ஆக இருக்கிற ஒன்று மறுக்கப்படுகிறது என்றால் அது நம் கோரிக்கைக்கு வந்த பதில் என்று சந்தேகப்படலாம். ஸ்டேட்ஃபுல் ஆள் பதிலை மறுக்கவே மாட்டான், அப்படியென்றால் ஏசிஎல்தான். அதோடு நேட் கேட்வேக்கு செக்யூரிட்டி குரூப்பே போட முடியாது, ஆகவே அங்கே REJECT வந்தால் வேறு சந்தேகத்துக்கு இடமே இல்லை. இன்னொரு அடையாளம், ஒரு சாதாரண சர்வரின் இன்டர்ஃபேஸில் உள்ளே வந்தது ACCEPT, அதற்கான பதில் வெளியே போவது REJECT என்று ஜோடியாகத் தெரிந்தால் அதுவும் ஏசிஎல் வேலைதான்.

120ஐ 1024-65535 ஆக்கியதும் டைம்அவுட் நின்றுவிட்டது. ஆனால் ஸ்டேட்லெஸ்ஸின் உண்மையான விலை இங்கேதான். பதிலுக்காகத் திறந்த அந்த வரம்புக்குள் 3306, 3389, 5432, 8080 எல்லாம் இருக்கின்றன, பதிலா புதுக் கோரிக்கையா என்று ஏசிஎல்லுக்குத் தெரியாது. ஆடிட்டர் கேட்டார் என்று 3389க்கு மட்டும் முன்னால் ஒரு DENY போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நேட் கேட்வே என்றைக்காவது மூலப் போர்ட்டாக 3389ஐ எடுத்தால் அந்த ஒரு இணைப்பு செத்தது. பல ஆயிரத்தில் ஒன்று, யாராலும் திரும்ப வரவழைத்துக் காட்ட முடியாத டைம்அவுட். அதற்குப் பதில் நேட் கேட்வேக்கென்று ஒரு சின்ன சப்நெட், /28 போதும், தனியாகக் கொடுத்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. அதில் வேறு எதுவும் காது கொடுத்துக்கொண்டிருக்காது, வரம்பு முழுக்கத் திறந்தாலும் கவலை இல்லை.

மேலே நடந்த அந்தப் பாக்கெட் பயணத்தில் போக வர ஏசிஎல் 6 முறை பார்க்கிறது. செக்யூரிட்டி குரூப்பில் அதே வேலைக்கு சர்வரின் ஒரு அவுட்பவுண்ட் விதி போதும். எனவே தினசரி வேலைக்கு என் ஓட்டு செக்யூரிட்டி குரூப்புக்குத்தான். "அப்ளிகேஷன் குரூப்பில் இருப்பவர்கள் மட்டும் டேட்டாபேஸ் குரூப்பின் 5432க்கு வரலாம்" என்று ஐபியே இல்லாமல் எழுத முடிவது ஒன்றே போதும்.

ஆனால் நினைவு வைத்திருப்பதும் சில நேரம் காலை வாரும். வெளியாள் ஒருவருக்கு அவருடைய ஆபீஸ் ஐபியை டேட்டாபேஸ் குரூப்பில் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் விதியை எடுத்தார்கள். கன்சோலில் விதி இல்லை, ஆனால் அவருடைய திறந்திருந்த செஷன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இது பக் இல்லை. விதியை எடுத்தால் புது இணைப்புதான் தடைபடும், ஏற்கெனவே டிராக் ஆகிற இணைப்பு காலாவதி ஆகும்வரை தொடரும். சும்மா கிடக்கிற டிசிபி இணைப்புக்கான டிஃபால்ட் காலாவதி வெகுகாலமாக 432000 வினாடி, அதாவது 5 நாள். புது தலைமுறை இன்ஸ்டன்ஸ்களில் அது 350 வினாடியாகக் குறைந்திருக்கிறது, நாமே மாற்றவும் செய்யலாம். ஆனால் பாக்கெட் போய்க்கொண்டே இருந்தால் எந்தக் கணக்கும் உதவாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே 0.0.0.0/0க்குத் திறந்த விதி, வெளியேயும் எல்லாப் போர்ட்டும் எல்லோருக்கும் திறந்த விதி என்றால் அந்த டிராஃபிக்கைப் பொதுவாக டிராக்கே செய்யாது. அப்போது விதியை எடுத்த கணமே இணைப்பும் அறுந்துவிடும். வெப் சர்வரில் இதைச் சோதித்துவிட்டு "உடனே அறுகிறதே" என்று நம்பிப் போனால் டேட்டாபேஸில் வேறு மாதிரி நடக்கும்.

உடனே அறுக்க வேண்டுமென்றால் அங்கேதான் ஏசிஎல் வேண்டும். நினைவில்லை என்பதே அதன் பலம், ஓடிக்கொண்டிருக்கிற இணைப்பின் அடுத்த பாக்கெட்டையே தடுத்துவிடும். அந்த ஐபிக்கு 50ஆம் எண்ணில் ஒரு DENY போட்டதும் செஷன் அப்படியே உறைந்தது. எண்களுக்கு நடுவே இடைவெளி விட்டு எழுதச் சொல்வது இதற்குத்தான். 100க்குக் கீழே இடம் இருந்தால் அவசரத்துக்கு முன்னால் நுழைக்கலாம், பின்னால் போட்ட DENY முன்னாலிருக்கிற ALLOWவிடம் தோற்றுவிடும்.

இதற்கும் எல்லைகள் உண்டு. ஒரே சப்நெட்டுக்குள் இரண்டு சர்வர்கள் பேசிக்கொண்டால் ஏசிஎல் அதைப் பார்க்கவே பார்க்காது, அதனால் ஹேக் ஆன சர்வரைப் பக்கத்து சர்வரிடமிருந்து பிரிக்க அது உதவாது. முன்னால் அப்ளிகேஷன் லோட் பேலன்சர் இருந்தால் சர்வர் சப்நெட்டில் தெரிவது பேலன்சரின் ஐபிதான், தாக்குகிறவனின் ஐபியைத் தடுக்கப் பேலன்சர் இருக்கிற சப்நெட்டில் போட வேண்டும். அப்புறம் ஒரு திசைக்கு டிஃபால்ட்டாக 20 விதிதான், கேட்டு வாங்கினாலும் 40. தினம் பத்து ஐபி தடுக்கிற வேலைக்கு இது ஆகாது, அது வாஃப் பார்த்துக்கொள்ள வேண்டியது.

இப்போது நான் கட்டுகிற விபிசியில் பெரும்பாலான சப்நெட்டுகளுக்கு டிஃபால்ட் ஏசிஎல்லையே விட்டுவிடுகிறேன், உள்ளேயும் வெளியேயும் எல்லாம் அனுமதி. தனி ஏசிஎல் டேட்டாபேஸ் சப்நெட்டுக்கு மட்டும். அங்கே வந்து போகிறவர்கள் நம் சொந்த சப்நெட்டுகள்தான் என்பதால் பதில் வரம்பையும் விபிசியின் முகவரிகளுக்குள்ளேயே அடக்கிவிடலாம், உலகத்துக்குத் திறக்க வேண்டியதில்லை. ஆடிட்டர் கேட்டால் இதைத்தான் காட்டுகிறேன், இதுவரை யாரும் ஆட்சேபித்ததில்லை.