டக்கோமா பாலம் விழுந்த கதை: படச்சுருள், நிபுணர், அனிமேஷன் மூன்றில் எது புரியவைக்கிறது?

1940 நவம்பர் 7 அன்று காலை, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டக்கோமா தொங்குபாலம் துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொண்டு நீரில் விழுந்தது. திறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. காற்றின் வேகம் மணிக்கு சுமார் 68 கிலோமீட்டர். பெரும்புயல் என்று சொல்ல முடியாது. பொறியியலோ இயற்பியலோ பேசும் ஆவணத் தொடர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இது. ஒரே விபத்தைப் பழைய படச்சுருள், நிபுணர், அனிமேஷன் ஆகிய மூன்றும் எப்படி விளக்குகின்றன என்று பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

படச்சுருளின் பலம் மறுக்க முடியாதது. எஃகும் கான்கிரீட்டும் அலைபோலப் புரளும் என்று யார் சொன்னாலும் நம்பமாட்டோம், பார்த்தால் நம்புகிறோம். ஆனால் அது காட்டுவது விளைவை மட்டும்தான். காரணமான காற்று கேமராவில் பதிவதில்லை. பின்னணிக் குரல் எதைச் சொன்னாலும் அந்தக் காட்சி அதற்குச் சாட்சி சொல்வது போல ஆகிவிடுகிறது.

நாம் பார்த்துப் பழகிய காட்சியின் வேகமே தவறு என்பதுதான் என்னை அதிகம் உலுக்கியது. படம்பிடித்தது நொடிக்கு 16 படச்சட்டகங்கள் வீதம். பிற்காலத்தில் வீடியோவுக்கு மாற்றியபோது அதை 24 என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் எல்லாம் ஒன்றரை மடங்கு விரைவாக ஓடுகிறது. அன்று பாலத்தருகே கடிகாரம் வைத்து எண்ணியவர்களின் கணக்கில் நிமிடத்துக்கு 12 முறுக்கல்கள்; வீடியோவில் 18. இந்த வேறுபாட்டை இயற்பியலாளர்கள் 2015இல் எடுத்துக்காட்டும்வரை, அந்தக் காட்சியைப் பார்த்துக் கணக்குப் போட்ட மாணவர்களுக்கெல்லாம் தப்பான விடைதான் வந்திருக்கும்.

அடுத்து நிபுணர். பாலம் விழுந்ததற்கு 'ஒத்ததிர்வு' என்ற ஒற்றைச் சொல்லைக் காரணமாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரமாகப் போகும், காற்றும் அப்படித்தான் தள்ளியது என்பார்கள். பில்லா, ஸ்கேன்லன் என்ற இருவர் 1991இல் எழுதிய கட்டுரை இதை மறுத்தது. பாலத்தின் விளிம்பில் தானாகப் பிரியும் காற்றுச் சுழல்கள் அந்த வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை தோன்றும். பாலமோ ஐந்து நொடிக்கு ஒரு முறை முறுக்கிற்று. தாளமே பொருந்தவில்லை. இங்கே வெளியிலிருந்து யாரும் தாளம் போடவில்லை. முறுக்கல்தான் தன்னைத் தள்ளும் விசையைக் காற்றிலிருந்து உண்டாக்கிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் உராய்வில் இழந்ததைவிடச் சற்று அதிக ஆற்றல் சேர்ந்தது.

இதை ஒருவர் விளக்கும்போது முகத்தையும் கையையும் காட்டினாலே போதும். காகிதப் பட்டை ஒன்றை உதட்டருகே பிடித்துச் சீராக ஊதச் சொல்லலாம். மூச்சில் தாளமில்லை, காகிதம் மட்டும் படபடக்கிறது. நல்ல நேர்காணலுக்கு இவ்வளவுதான் வேண்டும். அவர் "அது ஒத்ததிர்வு அல்ல, ஏனென்றால்..." என்று தொடங்கிய வாக்கியத்தைப் படத்தொகுப்பாளர் பாதியில் வெட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. 'அல்ல' என்று சொல்வது மற்ற இரண்டுக்கும் கடினம், மனிதருக்கு எளிது.

அன்று வீசிய காற்றைக் கண்ணுக்குக் காட்ட அனிமேஷன்தான் எளிய வழி. பாலத்தின் பக்கவாட்டுத் தகடு சுமார் 2.4 மீட்டர் உயரமுள்ள திடச் சுவர்; காற்று ஊடுருவிப் போக இடமில்லை. அந்தச் சுவரில் மோதிய காற்று எப்படிச் சுழன்று தளத்தின்மேல் நகர்ந்தது, தளம் சாயச் சாய அழுத்தம் எந்தப் பக்கம் மாறியது என்பதை ஒரு குறுக்குவெட்டுப் படம் அரை நிமிடத்தில் புரியவைக்கும்.

மூன்றில் மிகவும் ஆபத்தானதும் இதுவே என்பது என் முடிவு. அனிமேஷனில் தயக்கத்துக்கு இடமில்லை. அளந்து கண்டதையும் ஊகித்ததையும் ஒரே கூர்மையுடன் வரைகிறார்கள். முறுக்கலுக்கு ஒரு சுழல் என்று தாளம் பொருந்த வரைந்துவிட்டால், பழைய தவறான விளக்கம் அழகான படமாகி மனத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்த நிபுணர் பேசினாலும் அது நகராது.

ஆகவே விளக்குவதற்கு என்னை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் காகிதப் பட்டையுடன் நிற்கும் நிபுணரைத்தான் சொல்வேன். அனிமேஷன் அவர் சொன்னதற்குப் பிறகு, அவர் சொன்னதை மட்டும் வரையட்டும். படச்சுருள் கடைசியில், சரியான வேகத்தில், பின்னணிக் குரல் இல்லாமல் ஓடட்டும்.

அடுத்த முறை இந்தக் காட்சி திரையில் வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு முழு முறுக்கலுக்கு ஐந்து நொடி ஆனால் தயாரித்தவர்கள் வேகத்தைச் சரிபார்த்திருக்கிறார்கள். மூன்று நொடியைச் சற்றுத் தாண்டி முடிந்துவிட்டால், கிடைத்த வீடியோவை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள்.