தம்பி மனைவி பெயரை ரேஷன் கார்டில் சேர்க்கப் பட்ட பாடு

இந்த முறை ஊருக்குப் போனபோது விடுமுறையில் பாதியை ஒரு பெயர் விழுங்கிவிட்டது. தம்பிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் அவன் மனைவி பெயர் எங்கள் வீட்டுக் கார்டில் ஏறவில்லை. திருமணப் பதிவுச் சான்று, ஆதார் எல்லாம் ஸ்கேன் செய்து tnpds.gov.in தளத்தில் ஏற்றியிருந்தார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேட்டால், "ஆவணம் சரியில்லை, மறுபடி போடுங்க" என்பதோடு சரி. எந்த ஆவணம் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் பொறுமையில்லை.

உண்மையில் ஆவணத்தில் ஒரு குறையும் இல்லை. 1982ஆம் ஆண்டின் அட்டை முறை விநியோக ஆணைப்படி நடக்கும் நடைமுறையில் ஒருவர் பெயர் ஒரே கார்டில்தான் இருக்கலாம். அந்தப் பெண்ணின் பெயர் தேனிப் பக்கம் அவள் அப்பா கார்டில் அப்படியே இருந்தது. அங்கே நீக்கினால்தான் இங்கே சேரும். புத்தகக் கார்டு காலத்தில் தாலுகா ஆபீஸில் பெயரை அடித்துவிட்டு, 'பேர் எடுத்த சர்டிபிகேட்' கையில் கொடுப்பார்கள். அதைக் கொண்டுவந்து நீட்டினால் இங்கே எழுதிக்கொள்வார்கள். 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்த பிறகும் விதி மாறவில்லை. இப்போது ஆதார் எண்ணை வைத்துக் கணினியே இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

சரி, நீக்க மனுவை ஆன்லைனில் போடலாம் என்றால், உள்ளே நுழைய வேண்டிய ஓடிபி சம்பந்தி பதிவு செய்திருந்த பழைய செல் நம்பருக்குப் போகிறது. அந்த சிம் எப்போதோ செத்துவிட்டது. "அதை மாத்தணும்னே எனக்குத் தெரியாதே தம்பி" என்று அவர் கலங்கிப்போனார்.

கைகொடுத்தது இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாம். மாதாமாதம் வட்டந்தோறும் நடப்பது. சம்பந்தியும் மருமகளும் கார்டு, ஆதார், திருமணச் சான்றோடு அவர்கள் ஊர் முகாமுக்குப் போனார்கள். செல் நம்பர் மாற்றம், பெயர் நீக்கம் இரண்டுக்கும் அங்கேயே மனு வாங்கிக்கொண்டார்கள். அந்த அதிகாரி நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினாராம். கேட்டபோது மனசு நிறைந்தது. நீக்கம் ஏறியதும் இங்கே அதே பழைய ஆவணங்களோடு மறுபடி விண்ணப்பித்தோம், ஒப்புதல் வந்துவிட்டது. மூன்று பேருக்கு ஒன்றரைக் கிலோவாக இருந்த சர்க்கரை இப்போது இரண்டு கிலோ. ஆளுக்கு அரைக் கிலோ, அதிகபட்சம் இரண்டு என்பது கணக்கு.

சிங்கப்பூரில் வீடு மாறினால் ஓரிடத்தில் சொன்னால் போதும், மற்ற அலுவலகங்களுக்குத் தானாகப் போய்ச் சேரும். இங்கே பெயர் எந்தக் கார்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் அதே கணினி, "முதலில் அப்பா கார்டில் நீக்கிவிட்டு வாருங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு வருஷச் சர்க்கரை எங்களுக்குப் போயிருக்காது. நிராகரிக்கும்போது அந்தக் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று முகாமில் மனுவாகவே கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.